ஒற்றை லித்தியம் செல்லில் ஈஎஸ்பி32: லீனியரா, ஸ்விட்ச்சிங்கா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

தென்னந்தோப்பில் மண் ஈரத்தை அளந்து வைஃபை வழியாக அனுப்பும் சிறு கருவி ஒன்றைக் கல்லூரி மாணவர் ஒருவர் செய்திருந்தார். ஈஎஸ்பி32 போர்டு, 2500 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு 18650 செல், ஒரு ஈர உணரி. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை விழித்து, நான்கு நொடியில் வேலையை முடித்துவிட்டுத் தூங்கப் போகும். வேலை அவ்வளவுதான். ஆனால் மின்சாரம் கொடுக்கும் பகுதியை அவர் நான்கு முறை மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் வேறொரு கோளாறு. இப்படி ஒரு கருவி செய்யும் எல்லோருக்கும் அதே கோளாறுகள் ஏறத்தாழ அதே வரிசையில் வருவதால், அவருடைய கருவியை வைத்தே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு. லித்தியம் அயான் செல் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். பெரும்பாலான நேரம் 3.6 முதல் 3.8 வரை நிற்கும். 3.3-க்குக் கீழே போய்விட்டால் உள்ளே மிச்சம் அதிகம் இருக்காது. ஈஎஸ்பி32-க்கு வேண்டியது 3.3 வோல்ட், 3.0-க்குக் கீழே இறங்கக் கூடாது, 3.6-க்கு மேலே ஏறக் கூடாது.

லீனியர் ரெகுலேட்டர் கூடுதல் வோல்டேஜை வெப்பமாக்கித் தள்ளிவிடும். உள்ளே எத்தனை மில்லியாம்பியர் போகிறதோ அத்தனையே வெளியே வரும். எனவே அதன் திறன் என்பது வெளி வோல்டேஜை உள் வோல்டேஜால் வகுத்தால் வருவது. 3.3-ஐ 3.7-ஆல் வகுத்துப் பாருங்கள்: 89 சதவீதம். மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடி வோல்டேஜை மாற்றுவது ஸ்விட்ச்சிங் கன்வெர்ட்டர்; இதே வேலைக்கு அதில் நல்லதொன்று தருவதும் 90 சதவீதத்தை ஒட்டித்தான். கருவி விழித்திருக்கும்போது 120 மில்லியாம்பியர் வேண்டும் என்றால், லீனியர் வழியில் செல்லிலிருந்து 120 போகும்; 90 சதவீதத் திறனுள்ள ஸ்விட்ச்சிங் வழியில் 119 போகும். வித்தியாசம் ஒரு மில்லியாம்பியர்.

“ஸ்விட்ச்சிங் என்றால் சிக்கனம், லீனியர் என்றால் வீண்” என்று நாம் படித்தது 12 வோல்ட்டை 5 ஆக்கும்போது சரி. ஒற்றை லித்தியம் செல்லை 3.3 ஆக்கும் இடத்தில் அது பொருந்தாது. இங்கே முடிவைத் தீர்மானிப்பவை வேறு: ரெகுலேட்டர் தன் உள்ளே எவ்வளவு வோல்டேஜை விழுங்குகிறது, கருவி தூங்கும்போது தான் எவ்வளவு குடிக்கிறது, எவ்வளவு சலசலப்பைச் சேர்க்கிறது. கீழே வரும் முதல் மூன்று அறிகுறிகளும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும்.

## அறிகுறி: சார்ஜ் செய்ததும் ஓடுகிறது, மறுநாள் வைஃபை தொடங்கும்போது ரீசெட் ஆகிறது

மாணவர் முதலில் செல்லை நேராகப் போர்டின் VIN முனையில் கொடுத்திருந்தார். அன்றைக்கு நன்றாக ஓடியது. மறுநாள் சீரியல் மானிட்டரில் இந்த வரி திரும்பத் திரும்ப வந்தது:

```
Brownout detector was triggered
```

“அண்ணா, மீட்டர் வச்சுப் பாத்தேன், செல்லுல 3.8 வருது. 3.3 போதும்னா அப்புறம் ஏன் நிக்குது?” என்று கேட்டார்.

செல்லில் கோளாறு எதுவும் இல்லை. அந்தப் போர்டில் இருப்பது AMS1117 என்ற லீனியர் ரெகுலேட்டர். அது யுஎஸ்பியின் 5 வோல்ட்டை மனதில் வைத்துப் போடப்பட்டது. 3.3 வோல்ட்டை உறுதியாகத் தர அதற்கு உள்ளே 4.3 அல்லது 4.4 வேண்டும். உள் வோல்டேஜுக்கும் வெளி வோல்டேஜுக்கும் இடையே அதற்குத் தேவைப்படும் இந்த ஒரு வோல்ட் சொச்சத்தைத்தான் டிராப்அவுட் என்கிறோம். செல் 4.2-ல் இருந்தபோதே வெளியே 3.1 அல்லது 3.2 தான் வந்திருக்கும்; அதில் ஈஎஸ்பி32 எப்படியோ ஓடியது. செல் 3.8-க்கு வந்ததும் வெளியே 2.7, 2.8. புரோகிராம் தொடங்க அது போதும். வைஃபை ஒலிபரப்பத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் 240 மில்லியாம்பியருக்கு எகிறும், வோல்டேஜ் இன்னும் சரியும், சுமார் 2.43 வோல்ட்டில் சிப்பின் காவல் சுற்று விழித்துக்கொண்டு ரீசெட் செய்யும்.

சில சமயம் இந்த வரிகூட வராது. கருவி அப்படியே உறைந்துவிடும். ஈஎஸ்பி32 போர்டில் பொதுவாக இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் 2.7 வோல்ட்டுக்கு மேல்தான் ஒழுங்காகப் படிக்கும், காவல் சுற்றோ 2.43-க்குத்தான் எழும். நடுவில் இருக்கும் இடைவெளியில் விழுந்தால் தவறான கட்டளைகளைப் படித்துவிட்டுத் தடுமாறும். காவல் சுற்றை மென்பொருளில் அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரீசெட் நிற்கும், ஆனால் நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்தால் சேமித்தது கெட்டுப்போகும்.

இதை உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. கருவி ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் உள்ளீட்டிலும் மற்றதை வெளியீட்டிலும் வையுங்கள். செல் 3.8-ல் இருக்கும்போது வித்தியாசம் ஒரு வோல்ட்டை ஒட்டி வந்தால் பிழை டிராப்அவுட்டில். வித்தியாசம் கால் வோல்ட் அளவில் இருந்தும் ரீசெட் ஆனால், கணநேரச் சரிவைச் சந்தேகியுங்கள். அதை மல்டிமீட்டர் காட்டாது, ஆசிலோஸ்கோப் வேண்டும். ஆசிலோஸ்கோப் இல்லாதவர்கள் 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றை 3V3 முனைக்கும் தரைக்கும் நடுவே, சிப்புக்கு மிக அருகில் வைத்துப் பார்க்கலாம். ரீசெட் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. டிராப்அவுட்தான் காரணமென்றால் எத்தனை பெரிய கெப்பாசிட்டர் வைத்தாலும் சில மணி நேரம் தள்ளிப்போகுமே தவிர நிற்காது.

தீர்வு, டிராப்அவுட் குறைந்த லீனியர் ரெகுலேட்டர். எல்டிஓ என்று கடையில் கேட்டால் கிடைக்கும். ஆனால் பெயரை மட்டும் நம்பக் கூடாது. AMS1117-ஐயும் எல்டிஓ என்றுதான் விற்கிறார்கள். டேட்டாஷீட்டில் 250 அல்லது 300 மில்லியாம்பியருக்கு டிராப்அவுட் எவ்வளவு என்று பாருங்கள். கால் வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான கணக்கு அடிக்கடி வருகிறது. “3.3-உடன் 0.25 கூட்டினால் 3.55; செல் 3.55-க்கு இறங்கியதும் எல்டிஓ வேலை செய்யாது, பாதி செல் வீணாகிவிடும்” என்பார்கள். எல்டிஓ அப்படிச் சட்டென்று நின்றுவிடாது. உள் வோல்டேஜ் குறையக் குறைய வெளி வோல்டேஜும் கூடவே இறங்கும், அவ்வளவுதான். செல் 3.4-ல் இருந்தால் வைஃபை உச்சத்தில் வெளியே 3.15 வரும், ஈஎஸ்பி32 3.0 வரை ஓடும். ஆக, நல்ல செல்லை 3.3 வரை எளிதாகக் கறந்துவிடலாம். அந்த அளவில் செல்லில் மிச்சமிருப்பது தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு.

## அறிகுறி: ரீசெட் நின்றுவிட்டது, ஆனால் ஒரு வாரத்தில் செல் காலி

நான் எல்டிஓ மாற்றச் சொல்வதற்குள் மாணவர் வேறொரு தீர்வைக் கண்டுபிடித்திருந்தார். MT3608 சிப் உள்ள சிறு பூஸ்ட் மாடியூல் ஒன்றை வாங்கி, செல்லின் வோல்டேஜை 5-க்கு ஏற்றி VIN-ல் கொடுத்தார். ரீசெட் அடியோடு நின்றது. ஏழாம் நாள் கருவியும் நின்றது.

பலரும் செய்வது இதுதான், பார்க்கச் சரியாகவும் தோன்றும். ஆனால் செல்லின் 3.7-ஐ 5-க்கு ஏற்றி, அதே போர்டில் மறுபடி 3.3-க்கு இறக்குகிறோம். ஏற்றும்போது 88 சதவீதம் மிஞ்சுகிறது என்று வையுங்கள், இறக்கும்போது 3.3-ஐ 5-ஆல் வகுத்தால் 66 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 58. எல்டிஓ ஒன்றே தந்திருக்கும் 89 எங்கே, இந்த 58 எங்கே. ஸ்விட்ச்சிங் போட்டதால் சிக்கனம் வரவில்லை, போனது.

இருந்தாலும் ஏழு நாளில் செல்லைத் தீர்த்தது இந்த 58 இல்லை. அதைப் புரிந்துகொள்ளத் தூக்கத்தை அளக்க வேண்டும்.

தூக்க மின்னோட்டத்தை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் வரிசைக்குள் கணிசமான ரெசிஸ்டன்ஸ் இருக்கும். கருவி விழித்து நூறு மில்லியாம்பியர் கேட்கும்போது அந்த ரெசிஸ்டன்ஸிலேயே வோல்டேஜ் விழுந்து கருவி ரீசெட் ஆகும், தூங்கவே போகாது. அதனால் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் குறுக்கே இணைத்துவிடுங்கள். கருவி வேலையை முடித்துத் தூங்கியதும் ஒயரை எடுங்கள். இப்போது மீட்டர் காட்டுவது தூக்க மின்னோட்டம். அடுத்து விழிப்பதற்குள் ஒயரை மறுபடி போட்டுவிடுங்கள்.

முதலில் பூஸ்ட் மாடியூலுக்கும் போர்டுக்கும் நடுவே, அதாவது 5 வோல்ட் பக்கம் அளந்தோம். 9 மில்லியாம்பியர். ஈஎஸ்பி32 ஆழ்ந்த தூக்கத்தில் எடுப்பது 10 மைக்ரோ ஆம்பியர் அளவு. இதுவோ அதைப் போல் தொள்ளாயிரம் மடங்கு. யார் குடிக்கிறார்கள்? AMS1117 தன்னை உயிரோடு வைத்துக்கொள்ளவே 5 மில்லியாம்பியர் எடுக்கும். போர்டில் எப்போதும் எரியும் சிவப்பு எல்இடி கொஞ்சம், யுஎஸ்பி சீரியல் சிப் கொஞ்சம். பிறகு செல் பக்கம் மீட்டரை வைத்தால் 14 மில்லியாம்பியர். வோல்டேஜை ஏற்றினால் மின்னோட்டம் அந்த விகிதத்தில் கூடும் என்பதோடு பூஸ்டின் சொந்த இழப்பும் சேர்ந்துகொள்கிறது.

நாள் கணக்கு போடுவோம். ஒரு நாளில் 96 முறை விழிக்கிறது. முறைக்கு நான்கு நொடி, சராசரி 120 மில்லியாம்பியர். மொத்தம் 384 நொடி. எல்டிஓ வழியாக என்றால் விழிப்புக்கு ஒரு நாளுக்கு ஆவது 12.8 மில்லியாம்பியர்-மணி, பூஸ்ட் வழியாக 20-ஐ ஒட்டி வரும். தூக்கத்துக்கு 14-ஐ 24-ஆல் பெருக்கினால் 336. விழித்து உழைக்கும்போது செலவாவது 20, தூங்கும்போது செலவாவது 336. செல்லின் 2500-ல் 2400 மில்லியாம்பியர்-மணி பயன்படும் என்று கொண்டு, அதை இந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஆறே முக்கால் நாள் வருகிறது. மாணவரின் கருவி நின்றதும் ஏழாம் நாள்.

அதனால் தூக்க மின்னோட்டத்தை அளக்காமல் எல்டிஓவா ஸ்விட்ச்சிங்கா என்று வாதாடுவது நேர விரயம். எந்த வகை ரெகுலேட்டராக இருந்தாலும் டேட்டாஷீட்டில் குவைசன்ட் கரண்ட் என்று ஒரு வரி இருக்கும். சுமையே இல்லாதபோது அது தனக்காகக் குடிப்பது. அது சில மைக்ரோ ஆம்பியரில் இருக்க வேண்டும். மில்லியாம்பியரில் இருந்தால் அந்தச் சிப் இந்த வேலைக்கு ஆகாது.

பூஸ்டை எடுத்துவிட்டோம். போர்டையும் எடுத்துவிட்டோம். ஈஎஸ்பி32 மாடியூலை மட்டும் தனியாக வாங்கி, புள்ளிப் பலகையில் HT7833 என்ற எல்டிஓவுடன் பற்றவைத்தோம். அது 500 மில்லியாம்பியர் வரை தரும். தனக்கு எடுப்பது 4 மைக்ரோ ஆம்பியர் அளவு. இப்போது தூக்கத்தில் மீட்டர் காட்டியது 20 மைக்ரோ ஆம்பியர். நாளுக்கு அரை மில்லியாம்பியர்-மணிகூட இல்லை. விழிப்புக்கு 12.8. செல்லில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 2250, பயன்படும் என்று கொண்டால் 169 நாள். செல் தானாகக் கசிவதையும் சேர்த்துக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் ஐந்து மாதம் நிச்சயம்.

போர்டைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் வெளியில் ஒரு எல்டிஓ வைத்து அதன் 3.3-ஐ நேராக 3V3 முனையில் கொடுப்பதுண்டு. அப்போது போர்டில் உள்ள AMS1117-இன் வெளியீட்டு முனையிலிருந்து பின்பக்கமாக மின்னோட்டம் நுழையும். யுஎஸ்பி சிப்புக்கும் போகும். தூக்கத்தில் மீட்டர் இன்னும் மில்லியாம்பியர் காட்டினால் காரணம் இதுதான். அந்த ரெகுலேட்டரையும் எல்இடியின் ரெசிஸ்டரையும் சூடுவைத்துக் கழற்றிவிட வேண்டும்.

HT7833 போன்ற சிக்கனமான எல்டிஓக்களுக்கு ஒரு விலை உண்டு, சொல்லிவிடுகிறேன். தனக்கு 4 மைக்ரோ ஆம்பியர் மட்டும் எடுத்துக்கொள்ளும் சுற்று, சுமை திடீரென்று எகிறும்போது மெதுவாகத்தான் சுதாரிக்கும். தூக்கத்திலிருந்து வைஃபை உச்சத்துக்கு ஒரே தாவலில் போகும் ஈஎஸ்பி32-க்கு அந்தத் தாமதம் ஒரு சரிவாகத் தெரியும். அதனால்தான் முன்பு சொன்ன 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் இங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும். மலிவு எலெக்ட்ரோலிட்டிக்கில் கசிவே பல மைக்ரோ ஆம்பியர் இருக்கலாம். வைத்த பிறகு தூக்க மின்னோட்டத்தை ஒரு முறை திரும்ப அளந்துவிடுங்கள். MCP1700 இன்னும் குறைவாக, 1.6 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் அதன் எல்லை 250 மில்லியாம்பியர். வைஃபை உச்சத்துக்கு விளிம்பில் நிற்கும். வைஃபை இல்லாத, புளூடூத் மட்டும் பேசும் சிறு சிப்புகளுக்கு அது மிக நல்ல தேர்வு.

## அறிகுறி: பக்-பூஸ்ட் வைத்த பிறகு உணரியின் அளவு தள்ளாடுகிறது

ஐந்து மாதம் போதாது, கடைசிச் சொட்டு வரை எடுக்க வேண்டும் என்று மாணவருக்கு ஆசை. TPS63802 உள்ள பக்-பூஸ்ட் மாடியூல் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். இது செல் 3.3-க்கு மேலே இருந்தால் இறக்கும், கீழே போனால் ஏற்றும். தனக்கு எடுப்பது 11 மைக்ரோ ஆம்பியர். கணக்குப்படி 169 நாள் 179 ஆகும். கூடக் கிடைப்பது பத்து நாள்.

போட்டதும் மண் ஈரத்தின் அளவு ஒரே இடத்தில் நிற்கவில்லை. காய்ந்த மண்ணில் வைத்தாலும் படித்த எண் ஒவ்வொரு முறையும் வேறாக வந்தது.

உணரியையும் ஏடிசியையும் பழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எதையும் மாற்றாமல், ரெகுலேட்டர் மாடியூலை மட்டும் கழற்றிவிட்டு முன்பு இருந்த எல்டிஓவை வையுங்கள். எண் அமைதியானால் சலசலப்பு கன்வெர்ட்டரிலிருந்து வருகிறது. எங்கள் கருவியில் அமைதியானது.

காரணம் இது. ஸ்விட்ச்சிங் கன்வெர்ட்டர் சுமை அதிகமாக இருக்கும்போது சீரான வேகத்தில் திறந்து மூடும். அந்த அலை வேகமானது, சிறிய கெப்பாசிட்டரிலேயே அடங்கிவிடும். சுமை குறைந்தால் சிக்கனத்துக்காகச் சில துடிப்புகள் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கும், வோல்டேஜ் கொஞ்சம் இறங்கியதும் மறுபடி கொடுக்கும். இதைப் பிஎஃப்எம் முறை என்பார்கள். தனக்கு 11 மைக்ரோ ஆம்பியரில் அதனால் வாழ முடிவது இந்த ஓய்வால்தான். ஆனால் அப்போது வெளி வோல்டேஜ் பல மில்லிவோல்ட் அளவுக்கு மெதுவாக மேலும் கீழும் போய்வரும். வைஃபை தொடங்கும் முன், கருவி அமைதியாக இருக்கும் நேரத்தில் உணரியைப் படிப்பதுதான் நல்ல பழக்கம். சரியாக அந்த நேரத்தில்தான் சுமை குறைந்து இந்த அலையும் வருகிறது.

மூன்று வழிகள் உண்டு. நான் முதலில் முயல்வது, கன்வெர்ட்டரின் MODE முனை. அதை மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு முனையில் இணைத்து, படிக்கும் சில மில்லிநொடிகள் மட்டும் சீரான துடிப்புக்கு மாற்றச் சொல்லலாம். அந்த முறையில் கன்வெர்ட்டர் தனக்கே மில்லியாம்பியர் கணக்கில் எடுக்கும் என்பதால் படித்ததும் திரும்ப மாற்றிவிட வேண்டும். எல்லா மாடியூலிலும் அந்த முனையை வெளியே கொண்டுவந்திருக்க மாட்டார்கள். அப்படியானால் உணரிக்கு மட்டும் செல்லிலிருந்து நேராக ஒரு சிறு எல்டிஓ வைத்து, 3.0 வோல்ட்டில் ஓட்டுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் 64 முறை படித்துச் சராசரி எடுக்கலாம். அலை மெதுவாக இருந்தால் சராசரிக்கு எடுக்கும் நேரமும் அதற்கேற்ப நீள வேண்டும். இல்லையென்றால் அலையின் ஒரு ஓரத்தையே 64 முறை படித்ததாகிவிடும்.

மாணவரின் மாடியூலில் MODE முனை வெளியே இல்லை. பத்து நாளுக்காக இன்னொரு ரெகுலேட்டர் சேர்ப்பதா என்று யோசித்தார். HT7833-க்கே திரும்பினார். நானும் அதையே செய்திருப்பேன்.

ஸ்விட்ச்சிங் சிப்பைத் தனியாக வாங்கிப் பிரெட்போர்டில் குத்திப் பார்த்து, “சிப் சரியில்லை” என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. பிரெட்போர்டின் நீண்ட கம்பிகளில் அந்த வேகத் துடிப்புகள் ஒழுங்காக வராது. உள்ளீட்டுக் கெப்பாசிட்டரும் காயிலும் சிப்பை ஒட்டியே இருக்க வேண்டும். சோதிக்க மாடியூலாக வாங்குவதே நல்லது. LM2596, MP1584 மாடியூல்களை மட்டும் இதற்கு வாங்காதீர்கள். அவற்றுக்கு உள்ளே குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், ஒற்றைச் செல் அதைத் தொடவே தொடாது.

## அறிகுறி: அதே சுற்று, அதே எல்டிஓ, இன்னொரு கருவி மட்டும் 3.6 வோல்ட்டிலேயே ரீசெட்

தோப்பின் மறுகோடிக்கு மாணவர் இரண்டாவது கருவி செய்தார். செல்லை மட்டும் பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்திருந்தார். செல் 3.6-ல் இருக்கும்போதே வைஃபையில் விழுந்தது.

பழகிய செல்லில் உள் ரெசிஸ்டன்ஸ் கூடிவிடும். ஸ்பிரிங் வைத்த செல் கூடு, மெல்லிய ஒயர், பாதுகாப்புச் சுற்று எல்லாம் சேர்த்து ஓர் ஓம் வந்துவிட்டால், 240 மில்லியாம்பியர் போகும்போது கால் வோல்ட் வழியிலேயே தொலையும். 3.6 அங்கே 3.35 ஆகும், எல்டிஓவின் டிராப்அவுட்டையும் கழித்தால் 3.1. கெப்பாசிட்டர் கொஞ்சம் சிறியதாக இருந்தால் அதற்கும் கீழே.

சோதிப்பது சுலபம். செல்லின் உலோக முனைகளிலேயே ஒரு முறை, எல்டிஓவின் உள்ளீட்டில் ஒரு முறை, 15 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சுமையாக வைத்து அளந்து பாருங்கள். செல்லின் முனைகளில் வோல்டேஜ் அப்படியே நின்று, எல்டிஓவிடம் மட்டும் இறங்கினால் கூட்டையும் ஒயரையும் மாற்றுங்கள். செல்லின் முனைகளிலேயே இறங்கினால் செல் வயதானது.

வயதான செல்லைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், பக்-பூஸ்ட் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் இது. உள்ளே 3.0 வந்தாலும் வெளியே 3.3 நிற்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்டிஓ எப்போதும் ஒரே மின்னோட்டத்தைத்தான் இழுக்கும். பக்-பூஸ்ட் ஒரே வாட்டை இழுக்கும். செல் வோல்டேஜ் இறங்க இறங்க மின்னோட்டத்தைக் கூட்டிக் கேட்கும். கூடக் கேட்டால் வயதான செல் இன்னும் இறங்கும். 3.7-ல் 240 கேட்ட கன்வெர்ட்டர் 2.9-ல் 300-க்கு மேல் கேட்கும். கடைசி நாளில் கருவி மெல்லத் தளராமல் பட்டென்று நிற்பது இதனால்தான். உள்ளீட்டுப் பக்கம் ஒரு பெரிய கெப்பாசிட்டர் வைத்தால் இந்தச் சரிவு கொஞ்சம் மட்டுப்படும்.

## அறிகுறி: செல் சார்ஜே ஏறவில்லை, 2 வோல்ட் காட்டுகிறது

இது ரெகுலேட்டர் மாற்றியவர்களுக்குக் கடைசியில் வரும் கோளாறு. செல் தீரும் நேரத்தில் ஈஎஸ்பி32 விழிக்கும், வைஃபையில் விழும், ரீசெட் ஆகும், உடனே மறுபடி விழிக்கும். தூக்கமே இல்லாத இந்தச் சுழலில் மிச்சமிருப்பதையும் சில மணி நேரத்தில் குடித்துவிடும். பாதுகாப்புச் சுற்று காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. பரவலாகப் பயன்படும் DW01 சிப் 2.4 வோல்ட்டில்தான் துண்டிக்கும், அதுவே செல்லின் ஆரோக்கியத்துக்குத் தாமதம். பக்-பூஸ்டில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அது 3.3-ஐக் கொடுத்துக்கொண்டே செல்லை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும். ஈஎஸ்பி32-க்கு எதுவும் தெரியாது.

எனவே விழித்ததும், வைஃபையைத் தொடும் முன், செல்லை அளக்க வேண்டும். இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களால் வோல்டேஜைப் பாதியாக்கி, நடுமுனைக்கும் தரைக்கும் இடையே 100 நானோஃபேரட் கெப்பாசிட்டர் வைத்து, 35-ஆம் முனையில் கொடுங்கள். இந்த ஜோடி குடிப்பது 2 மைக்ரோ ஆம்பியரை ஒட்டித்தான்.

```cpp
uint32_t mv = analogReadMilliVolts(35) * 2;
if (mv < 3400) {
  esp_deep_sleep_start();
}
```

டைமரை அமைக்கும் வரிக்கு முன்பே இதை எழுதுங்கள். எழுப்ப ஆள் யாரும் இல்லாததால், யாராவது ரீசெட் பொத்தானை அழுத்தும் வரை கருவி தூங்கிக்கொண்டே இருக்கும். எல்டிஓ என்றால் 3400 சரியான எல்லை. பக்-பூஸ்ட் என்றால் 3150 வரை இறங்கலாம். அதற்குக் கீழே எடுப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

## ஸ்விட்ச்சிங் தவிர வேறு வழியில்லாத இடங்கள்

இரண்டு செல்லைத் தொடராக வைத்தால் உள்ளே 7.4 வோல்ட், எல்டிஓவின் திறன் 45 சதவீதத்துக்கு விழும், தொட்டால் சுடும். சிப் 1.8 வோல்ட்டில் ஓடுவதென்றாலும் அதே கதை, ஒற்றைச் செல்லில் எல்டிஓ பாதியை வெப்பமாக்கும். இந்த இரண்டுக்கும் பக் கன்வெர்ட்டர்தான், தயக்கமே வேண்டாம். சர்வோ, 5 வோல்ட் உணரி போன்றவை இருந்தால் பூஸ்ட் வேண்டும். ஆனால் அதை அந்த உணரிக்கு மட்டும் வையுங்கள், ஈஎஸ்பி32-க்கு எல்டிஓவே இருக்கட்டும். உணரி வேலை முடிந்ததும் பூஸ்டின் EN முனையைத் தாழ்த்தி அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். MT3608 வகை மாடியூலில் அணைத்த பிறகும் செல்லின் மின்னோட்டம் காயில், டயோடு வழியாக வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும். செல்லுக்கும் பூஸ்டுக்கும் நடுவே ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட்டை வைத்து அதைத்தான் அணைக்க வேண்டும்.